ஒரே திங்கட்கிழமையில் இரண்டு பாட்டு

1995 ஆகஸ்ட் 14 அன்று பிரிட்டனின் இசைத்தட்டுக் கடைகளுக்கு இரண்டு புதுப் பாட்டுகள் வந்தன. ஒன்று ப்ளர் குழுவின் 'கன்ட்ரி ஹவுஸ்', மற்றது ஒயாசிஸ் குழுவின் 'ரோல் வித் இட்'. பெரிய குழுக்கள் பொதுவாக ஒரே வாரத்தில் மோதிக்கொள்வதில்லை. ப்ளர் தரப்பு வேண்டுமென்றே தேதியை மாற்றி ஒயாசிஸுக்கு எதிரே வந்து நின்றது. என்.எம்.இ. வார இதழ் இதைக் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியாகவே அட்டையில் போட்டது.

ப்ளர் 2,74,000 பிரதிகளும் ஒயாசிஸ் 2,16,000 பிரதிகளும் விற்றன. இதில் ஒரு வியாபார சூட்சுமம் உண்டு. ப்ளர் தன் பாட்டை இரண்டு சிடிகளாக, வெவ்வேறு கூடுதல் பாட்டுகளோடு வெளியிட்டது. தீவிர ரசிகர் இரண்டையும் வாங்கினால் கணக்கில் இரண்டு விற்பனை!

பத்திரிகைகளுக்கோ இது வர்க்கப் போர்: வடக்கத்தித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெற்கத்திப் படித்த பிள்ளைகளுக்கும். கேலகர் சகோதரர்கள் மான்செஸ்டரின் பர்னேஜில் வளர்ந்தவர்கள், அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். நோயல் வேறொரு குழுவுக்கு வாத்தியங்களைத் தூக்கி இறக்கியவர். ப்ளரின் டேமன் ஆல்பர்னின் அப்பா ஓவியக் கல்லூரி ஆசிரியர். ஆனாலும் 'பார்க்லைஃப்' ஆல்பத்தில் லண்டன் தெருப் பேச்சையும், அதன் அட்டையில் தொழிலாளிகளின் பொழுதுபோக்கான நாய்ப் பந்தயத்தையும் ஆல்பர்ன் தரப்பு எடுத்துக்கொண்டது. பாதி பாசம், பாதி வேஷம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வேஷத்தைக் கூர்மையாகக் குத்தியது அதே ஆண்டு வந்த பல்ப் குழுவின் 'காமன் பீப்பிள்'. ஏழ்மையை விளையாட்டாக வாழ்ந்து பார்க்க ஆசைப்படும் பணக்காரப் பெண்ணைப் பற்றிய பாட்டு அது. எழுதிய ஜார்விஸ் காக்கர் ஷெஃபீல்டுக்காரர்.

கிட்டார் பாட்டுக்கு அப்போது ஏன் அவ்வளவு பசி? இளைஞர்களை ரேவ் நடன இசை இழுத்திருந்தது. கிட்டார் என்றால் அமெரிக்க கிரஞ்ச்தான். 1992இல் அமெரிக்காவைச் சுற்றி நொந்து திரும்பிய ஆல்பர்ன், அறுபதுகளின் கிங்க்ஸ் போன்ற உள்ளூர்க் குழுக்கள் பக்கம் திரும்பினார். ஒயாசிஸ் பீட்டில்ஸை ஒளிவுமறைவில்லாமல் எடுத்துக்கொண்டது. கூட்டமாகச் சேர்ந்து பாடும்படியான பல்லவி திரும்பி வந்தது, வாசிக்கவும் எளிதாக. 'வண்டர்வால்' பாட்டின் பெரும்பகுதியில் மோதிர விரலும் சுண்டு விரலும் கீழ்க் கம்பிகள் இரண்டில் அப்படியே நிற்கும். மற்ற இரண்டு விரல்கள் மட்டும் இடம் மாறும். புதிதாகக் கற்பவரும் சீக்கிரமே பிடித்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு வாரத்தில் தோற்ற ஒயாசிஸ் அக்டோபரில் வெளியிட்ட ஆல்பம், விற்பனையில் ப்ளரை எங்கோ பின்னுக்குத் தள்ளியது. 1996 ஆகஸ்டில் நெப்வொர்த் மைதானத்தில் இரண்டே நாளில் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு ப்ளர் இந்தப் பாணியையே கைவிட்டது. 'சாங் 2' என்ற இரண்டு நிமிடக் கூச்சலோடு வந்தார் ஆல்பர்ன். எந்த அமெரிக்கச் சத்தத்துக்கு எதிராகக் கிளம்பினாரோ, அதே சத்தம்!