ஐந்து ஓட்டங்கள், ஒரு நேர்கோடு

விளையாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை யாரோ கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர்களின் நேரம், இருபது ஆண்டுக்கு ஒன்றாக, ஐந்தே வரிசைகளில் இருக்கிறது:

1928 – 10.8 வினாடி
1948 – 10.3
1968 – 9.95
1988 – 9.92
2008 – 9.69

பெர்சி வில்லியம்ஸ், ஹாரிசன் டில்லார்ட், ஜிம் ஹைன்ஸ், கார்ல் லூயிஸ், உசைன் போல்ட் ஆகியோரின் நேரங்கள் இவை. இவற்றின் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, அதை வைத்து 2024ஆம் ஆண்டின் நேரத்தைச் சொல்ல முடியுமா?

கணக்கைத் தொடங்குமுன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் 3 எளிதில் 8 ஆகிவிடும். 1948க்கு எதிரே 10.3 என்பதை 10.8 என்று படித்துவிட்டால், கோட்டின் சாய்வு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே நேரம் இரண்டு முறை வருகிறதே என்ற சந்தேகம் எழுந்தால், திரும்பவும் படத்தைப் பார்ப்பது நல்லது.

இனி கோடு. புள்ளிகளுக்கு நடுவே எத்தனையோ கோடுகள் வரையலாம். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து மேலும் கீழுமாக எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, அந்த விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால், எந்தக் கோட்டுக்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுவே வேண்டிய கோடு. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் அச்சில் வெளியிட்ட இந்த வழிதான் மீச்சிறு வர்க்க முறை.

1928, 1948 என்ற பெரிய எண்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆண்டுகள் சம இடைவெளியில் இருப்பதால் நடு ஆண்டான 1968ஐ 0 என்று கொண்டு, மற்றவற்றை –2, –1, 1, 2 என்று எழுதிவிடலாம். இப்போது ஒரு படி என்பது இருபது ஆண்டு. நேரங்களின் கூட்டுத்தொகை 50.66, ஐந்தால் வகுத்தால் சராசரி 10.132. அடுத்து, ஒவ்வொரு படி எண்ணையும் அதன் நேரத்தால் பெருக்க வேண்டும்: –21.6, –10.3, 0, 9.92, 19.38. இவற்றின் கூட்டுத்தொகை –2.60. படி எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 4 + 1 + 0 + 1 + 4 = 10. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாய்வு –0.26. அதாவது, இருபது ஆண்டுக்கு ஒருமுறை வெற்றி நேரம் கால் வினாடிக்குச் சற்றே கூடுதலாகக் குறைகிறது என்கிறது இந்தக் கோடு.

நேரம் = 10.132 – 0.26 × படி

முதலில் அட்டவணைக்கு உள்ளேயே இதைச் சோதிக்கலாம். 1976 என்பது 0.4 படி, கோடு 10.03 என்கிறது. மாண்ட்ரியாலில் ஹேஸ்லி கிராஃபர்ட் ஓடியது 10.06. 1996க்கு 9.77 வருகிறது, அட்லாண்டாவில் டோனோவன் பெய்லியின் நேரம் 9.84. ஐந்தே புள்ளிகளை வைத்துப் போட்ட கணக்குக்கு இது பாராட்டத்தக்க நெருக்கம்.

அட்டவணையைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. 2024 என்பது 2.8ஆவது படி. கோடு சொல்லும் நேரம் 9.40. பாரிஸில் நோவா லைல்ஸ் தங்கம் வென்றது 9.79 வினாடியில். போல்ட் 2009இல் நிறுவிய உலக சாதனையே 9.58தான். பின்னோக்கிப் போனால் பிழை இன்னும் பெரிது: 1896க்குக் கோடு 11.07 என்கிறது, ஏதென்ஸில் தாமஸ் பர்க் ஓடியதோ 12.0.

இந்தப் பிழைக்கான அறிகுறி அட்டவணைக்குள்ளேயே இருந்தது. உண்மை நேரத்திலிருந்து கோட்டின் நேரத்தைக் கழித்தால் வரிசையாக +0.15, –0.09, –0.18, +0.05, +0.08 கிடைக்கிறது. ஓரங்களில் கூட்டல், நடுவில் கழித்தல். கோடு பொருத்தமானதாக இருந்தால் இந்தக் குறிகள் முறையின்றிக் கலந்து கிடக்கும். இப்படி வளைந்து வருவது, நேரம் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஐந்து புள்ளிகள் மிகக் குறைவுதான். ஆனாலும் 1896, 2024 இரண்டுமே கோட்டுக்கு மேலே விழுந்தது இந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது.

இதில் அளவையின் கோளாறும் கலந்திருக்கிறது. முதல் இரண்டு நேரங்கள் கைக்கடிகாரத்தால், பத்தில் ஒரு வினாடி நுணுக்கத்தில் எடுத்தவை. மற்றவை மின்னணுக் கருவி தந்தவை. 1968 ஓட்டம் நடந்ததோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள மெக்சிகோ நகரத்தின் மெல்லிய காற்றில். ஒரே பத்தியில் அச்சான எண்கள் என்பதால் அவை ஒரே விதமாக அளந்தவை ஆகிவிடாது.

இதே கோட்டை விடாமல் நீட்டினால், 2747 வாக்கில் 100 மீட்டரை ஓட நேரமே தேவைப்படாது!

ஆய்விதழ்களிலும் இத்தகைய நீட்டல் நடந்திருக்கிறது. 2004இல் நேச்சர் இதழில் ஆண்ட்ரூ டேடமும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு நேர்கோடுகளை முன்னோக்கி நீட்டினார்கள். 2156 ஒலிம்பிக்கில் பெண் 8.079 வினாடியிலும் ஆண் 8.098 வினாடியிலும் ஓடுவார்கள், பெண்ணே முந்துவார் என்று கணித்தார்கள். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண், பெண் வெற்றி நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம் 0.98 வினாடி, நாற்பது ஆண்டு கழித்துப் பாரிஸில் அது 0.93.