இரண்டு படங்களுக்கு நடுவே பன்னிரண்டு வாரம்

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். போனை இடுப்புயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி, எதிரே வையுங்கள். முன்னாலிருந்து டியூப்லைட் வெளிச்சம் விழட்டும். தோளைத் தளர்த்தி, வயிற்றை அதன் போக்கில் விட்டு, முகத்தைத் தொங்கப்போட்டு ஒரு படம் எடுங்கள். அடுத்து பதினைந்து தண்டால் எடுங்கள். போனை மூன்று மீட்டர் தள்ளி நெஞ்சுயரத்துக்கு மாற்றுங்கள். முன் விளக்கை அணைத்துவிட்டு பக்கவாட்டில் ஒரு விளக்கைப் போடுங்கள். மூச்சை இழுத்து, தோளை விரித்து, சிரித்தபடி இரண்டாவது படத்தை எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ மூன்று மாத உழைப்பு போலத் தெரியும். நடுவில் கழிந்ததோ இருபது நிமிடம்.

ஜிம் நடத்துபவர்களும் உடற்பயிற்சி சொல்லித்தருபவர்களும் இன்ஸ்டாகிராமில் அதிகம் போடுவது ‘பிஃபோர்–ஆஃப்டர்’ படங்களைத்தான். விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்தப் படவரிசைக்குக் கரோசல் என்று பெயர். ஒரு பதிவில் 20 படங்கள் வரை வைக்கலாம். இதைப் போடுகிறவர்களில் பலர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். வந்தவர் உண்மையாகவே உழைத்திருப்பார், உடம்பும் மாறியிருக்கும். ஆனால் முதல் படம் சேர்ந்த அன்று அவசரத்தில் எடுத்தது. கடைசிப் படம் வெற்றிக் களிப்பில், நல்ல வெளிச்சம் தேடி எடுத்தது. உடம்பு மாறியதோடு வேறு நான்கு விஷயங்களும் மாறிவிடுகின்றன. பார்ப்பவருக்கோ எல்லாம் பயிற்சியின் பலனாகத் தெரிகிறது.

இதில் கேமராவின் தூரம் செய்யும் வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது, வயிறு மற்ற உடம்பைவிட 15 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு இருப்பது 85 சென்டிமீட்டரில். ஆகவே படத்தில் அது மற்ற பாகங்களைவிடச் சுமார் 18 சதவீதம் பெரிதாக விழும். அதே ஆளை மூன்று மீட்டர் தள்ளி எடுத்தால் அந்த வித்தியாசம் 5 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலே வயிறு உள்ளே போய்விட்டது! வெளிச்சத்தின் வேலை இன்னும் நுட்பமானது. முன்னாலிருந்து விழும் ஒளி மேடுபள்ளங்களை அழித்துவிடும். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ விழும் ஒளி ஒவ்வொரு தசைக்கும் கீழே நிழல் வரையும். பயிற்சி முடிந்த கையோடு தசைகளில் ரத்தம் பாய்ந்து சற்று உப்பியிருக்கும், அதுவும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே நேர்மையான கரோசலின் வேலை முதல் நாளிலேயே தொடங்குகிறது. பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போய் முதல் படத்தை எடுக்க முடியாது. தரையில் கலர் டேப்பால் இரண்டு பாத அடையாளம் ஒட்டுங்கள். ட்ரைபாட் நிற்கும் இடத்துக்கும் ஓர் அடையாளம். இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டர். போன் தொப்புள் உயரத்தில், சாய்வில்லாமல் இருக்கட்டும். லென்ஸ் 1x. அறை சிறியது என்று 0.5x-க்குப் போனால் ஓரங்கள் இழுபடும். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். வெயில் மாதத்துக்கு மாதம் மாறும், டியூப்லைட் மாறாது. பின்னால் கதவு நிலையோ தரை டைல்ஸ் கோடோ தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேர்கோடுகள்தான் பின்னால் சாட்சி சொல்லும். இடுப்பை ஆப்பில் ஒடுக்கினால் பக்கத்திலிருக்கும் கதவு நிலை வளைந்துவிடும். பார்ப்பவரும் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

படம் எடுக்கும் நேரம் காலை, வெறும் வயிறு, கழிவறைக்குப் போய்வந்த பிறகு. உடை அதே உடை. “அக்கா, மூச்சை இழுக்காதீங்க, பிடிக்கவும் வேண்டாம். சாதாரணமா விட்டுட்டு நில்லுங்க” என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்று கோணம். ஒவ்வொன்றிலும் மூன்று படம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், எப்போதும் இரண்டாவது படம் என்று. இல்லாவிட்டால் கை தன்னை அறியாமலே முதல் நாளில் மோசமானதையும் கடைசி நாளில் அழகானதையும் எடுத்துவிடும்.

எடைக்கும் இதே கவனம் தேவை. நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் தங்குகிறது. சோற்றையும் இட்லியையும் திடீரென்று குறைப்பவருக்கு முதல் வாரத்தில் சடசடவென்று இறங்கும் எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான். உப்பு கூடிய விருந்து, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் என எடை ஏறி இறங்கப் பல காரணங்கள் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் எடுத்த எடையை ‘முன்’ என்றும், பட்டினி கிடந்த காலை எடுத்த எடையை ‘பின்’ என்றும் போட்டால் இரண்டு கிலோ சும்மாவே குறையும். ஏழு நாள் காலை எடையைக் கூட்டி ஏழால் வகுத்த வாரச் சராசரிதான் நம்பத்தக்கது. இடுப்புச் சுற்றளவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளி. மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

இனி ஒரு கரோசலைக் கட்டிப் பார்ப்போம். சேர்ந்தவர் 41 வயது ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரச் சராசரி எடை 76.4 கிலோ, பன்னிரண்டாம் வாரம் 71.9. இடுப்பு 96 சென்டிமீட்டரிலிருந்து 89-க்கு வந்திருக்கிறது. வாரம் மூன்று வகுப்பு வீதம் 36 வகுப்புகளில் 31-க்கு வந்தார். தினமும் நடந்தார், இரவு உணவைக் குறைத்து முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொண்டார். தைராய்டு மாத்திரை முன்பிருந்தே எடுக்கிறார், அளவு மாறவில்லை.

முதல் ஸ்லைடில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில். தலை உச்சியும் குதிகாலும் ஒரே கோட்டில் வரும்படி வெட்டியிருக்க வேண்டும். ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் ஆள் குண்டாகத் தெரிவார். அதே ஸ்லைடில், கண்ணில் படும் அளவு எழுத்தில்: “12 வாரம். 36-ல் 31 வகுப்பு. உணவும் மாறியது. 4.5 கிலோ.” இந்த நான்கு துண்டும் கடைசி ஸ்லைடில் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பெரும்பாலானோர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சில சமயம் இன்ஸ்டாகிராமே நடுவிலிருக்கும் ஒரு ஸ்லைடை முன்னால் கொண்டுவந்து காட்டும். அதனால் எந்த ஸ்லைடைத் தனியாகப் பார்த்தாலும் எத்தனையாவது வாரம் என்பது தெரிய வேண்டும்.

அடுத்த ஸ்லைடுகளில் 1, 4, 8, 12 ஆகிய வாரங்களின் பக்கவாட்டுப் படங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை எடை அசையவே இல்லை என்றால் எட்டாம் வாரப் படத்தை நீக்கத்தான் மனம் வரும். அது அங்கேயே இருக்கட்டும். புதிதாகச் சேர்பவர் தன் எட்டாம் வாரத்தில் மனம் உடைந்து நிற்கும்போது நினைவுக்கு வர வேண்டிய படம் அதுதான். அதையடுத்து ஒரு ஸ்லைடு முழுக்க, என்ன செய்தார் என்பதற்கு: வகுப்பு, நடை, உணவு, மாத்திரை. எடை குறைக்கும் ஊசியோ மருந்தோ எடுத்தவர் என்றால் அதை மறைத்துவிட்டுப் பலனைப் பயிற்சிக் கணக்கில் எழுதக்கூடாது. உடல்நிலை விவரத்தை வெளியிட அவருக்கு விருப்பமில்லையா, அவர் கதையையே போடாமல் விடுவதுதான் வழி. சம்மதத்தையும் சேரும் அன்று பாரத்தில் வாங்கிவிட்டு மறந்துவிடாமல், போடப்போகும் ஸ்லைடுகளைக் கையில் காட்டிக் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கரோசல் தவறான எண்ணத்தைத் தரலாம். காரணம், யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பது படத்தில் தெரியாது. அந்த ஆசிரியையோடு அதே மாதம் சேர்ந்தவர்கள் மொத்தம் 14 பேர், ஐந்து பேர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்று கொள்வோம். மீதி ஒன்பது பேர் குறைத்தது, வரிசையாக: 6.1, 4.5, 4.2, 3.4, 2.8, 2.3, 1.6, 0.9 கிலோ, ஒருவருக்கு 0.4 கூடிவிட்டது. ஆசிரியை இரண்டாவது இடம். வரிசையின் நடுவில் நிற்கும் ஐந்தாமவர் குறைத்தது 2.8 கிலோ. சேர விரும்புகிறவர் எதிர்பார்க்கக்கூடியது இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். “இந்தக் குழுவில் 14 பேர் சேர்ந்தார்கள், 9 பேர் முடித்தார்கள், நடுவிலிருப்பவர் குறைத்தது 2.8 கிலோ” என்ற வரி ஆசிரியையின் படத்துக்குக் கீழேயே வரவேண்டும். என்னைக் கேட்டால் முழுக் கரோசலிலும் மிக மதிப்புள்ள வரி இதுதான். இதைப் போடும் ஜிம்மை நான் நம்புவேன்.

சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. 2022-இல் வந்த வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் சேர்க்கும் விளக்கக் குறிப்பு முக்கியச் செய்தி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்தில், எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். முக்கியச் செய்திக்கு நேர்மாறாகவும் அது பேசக்கூடாது. தமிழில் பெரிதாக “4.5 கிலோ!” என்று போட்டுவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் பொடியாக ‘பலன் ஆளுக்கு ஆள் மாறும்’ என்று எழுதுவதற்கு இதில் இடமில்லை. அமெரிக்காவில் இப்படி ஒரு பொடி வரி நெடுங்காலம் கேடயமாக இருந்தது. அங்குள்ள வணிக ஆணையம் 2009-இல் அதை மாற்றி, பொதுவாக எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லச் சொன்னது.

ஒரு படம் இன்னும் பாக்கி இருக்கிறது. பன்னிரண்டாம் வாரம் என்பது நாமாக வரைந்த கோடு. உடம்புக்கு அது தெரியாது. 24-ஆம் வாரம் அதே டேப் அடையாளத்தில், அதே டியூப்லைட்டில் ஆசிரியையை மறுபடி நிற்கச் சொல்லுங்கள். பள்ளியில் தேர்வு நேரம், வகுப்புக்குச் சரியாக வரவில்லை, வாரச் சராசரி 73.0 என்று வந்தால், அவர் சம்மதித்தால், அதையும் புதுப் பதிவாகப் போடுங்கள். மூன்று படம், ஒரே அளவு, கீழே: “12-ஆம் வாரத்திலிருந்து 1.1 கிலோ திரும்பி வந்தது. தொடங்கிய நாளைவிட இன்னும் 3.4 கிலோ குறைவு. இந்த மூன்று மாதத்தில் வந்த வகுப்புகள் 14.”