தந்தை விட்டுச் சென்ற வீடு: விற்பதா, ஒருவரே வாங்கிக்கொள்வதா, வாடகைக்கு விடுவதா?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் குறுக்குத் தெருக்களில் இருபதுக்கு முப்பது அடி மனையில் எழுந்த மாடி வீடுகள் பல உண்டு. தந்தை தம் சம்பாத்தியத்தில் மனை வாங்கித் தரைத்தளம் கட்டியிருப்பார். பின்னர் மேல்தளம் சேர்ந்திருக்கும். பெற்றோர் மறைந்தபின் பிள்ளைகள் கடன் கேட்டோ ஆலோசனை கேட்டோ எங்கள் கிளைக்கு வருகின்றனர். அவர்கள் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றே: இந்த வீட்டை என்ன செய்வது?

எங்களிடம் வந்த பலரின் நிலைமைகளைச் சேர்த்து, எண்களை எளிமைப்படுத்தி, ஓர் எடுத்துக்காட்டை இங்கே அமைத்துள்ளோம். உயில் எழுதாமல் மறைந்த தந்தைக்கு அண்ணன், அக்கா, தம்பி என மூன்று பிள்ளைகள். தாயாரும் இப்போது இல்லை. அண்ணன் தரைத்தளத்தில் குடும்பத்துடன் வசிக்கிறார். மேல்தளத்தில் குடித்தனக்காரர் இருக்கிறார். அக்கா சேலத்திலும் தம்பி சென்னையிலும் உள்ளனர். வீட்டின் இன்றைய மதிப்பு 90 லட்சம் ரூபாய் என்று கொள்வோம்.

முதலில் பங்கு. தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லாத நிலையில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். பின்னர் உயிலின்றி மறைந்த தாயாரின் பங்கும் பிள்ளைகளுக்கே சமமாக வரும். ஆகவே மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது தலைக்கு 30 லட்சம். அக்காவுக்குத் திருமணத்தின்போது நகை போட்டோம் என்பதால் அவர் பங்கு குறையாது. பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமை உண்டு என்பதை 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது. இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களுக்கான விதிகள் வேறு. அவர்கள் வழக்கறிஞரிடம் தனியே கேட்டறிய வேண்டும்.

இப்போது வாடகைக் கணக்கைப் பார்ப்போம். தரைத்தளத்துக்கு மாதம் 14,000, மேல்தளத்துக்கு 13,000 வாடகை கிடைக்கக்கூடும் என்று கொண்டால் ஆண்டுக்கு 3,24,000 ரூபாய். சொத்து வரி, பழுதுபார்ப்பு, வீடு காலியாக இருக்கும் மாதங்கள் ஆகியவற்றுக்கு 54,000 கழித்தால் 2,70,000 மிஞ்சும், ஒவ்வொருவருக்கும் 90,000. இக்கணக்கு, அண்ணனும் தாம் வசிக்கும் தளத்துக்கு வாடகை தருகிறார் என்ற அடிப்படையில் போடப்பட்டது. அவர் வாடகையின்றி வசித்தால் பிரித்துக்கொள்ள எஞ்சுவது 1,02,000 மட்டுமே, தலைக்கு 34,000. அண்ணனுக்கோ அதற்கு மேல் 1,68,000 மதிப்புள்ள குடியிருப்பும் கிடைக்கிறது. உடன்பிறந்தோரிடையே மனத்தாங்கல் தொடங்குவது இந்த எழுதப்படாத வாடகையில்தான் என்பது எங்கள் அனுபவம். அண்ணன் இத்தனை ஆண்டுகள் பெற்றோரைப் பேணியதற்கு ஈடாக அந்த வாடகையை விட்டுக்கொடுக்க மற்றவர் விரும்பலாம். அதையும் தொகை சொல்லிப் பேசி முடிவுசெய்வதே நன்று.

விற்றால் என்ன கிடைக்கும்? ஆளுக்கு 30 லட்சம். அதன்மீது மூலதன ஆதாய வரி உண்டு. தந்தை 2001க்கு முன்பே வாங்கியிருந்தால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பை மிஞ்சக் கூடாது. அந்த மதிப்பு 8 லட்சம் எனில் ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 2.67 லட்சம். மீதி 27.33 லட்சத்துக்கு 12.5 விழுக்காடு, அதாவது சுமார் 3.42 லட்சம் வரியாகும், செஸ் தனி. இத்தகைய பழைய சொத்துக்கு, இந்தியாவில் வசிப்போர் பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற முறையையும் கணக்கிட்டுக் குறைவானதைக் கொள்ளலாம்; இந்த எடுத்துக்காட்டில் 12.5 விழுக்காடே குறைவு. புதிய வீடு வாங்குவோருக்கு விலக்கு உண்டு. மூவரும் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும்.

வரி போக அக்காவின் கையில் சுமார் 26.58 லட்சம் இருக்கும். அதை 6.5 விழுக்காட்டு வைப்பில் இட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,73,000 வட்டி. வாடகைப் பங்கோ 90,000. இடைவெளி 83,000. வீட்டின் மதிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். மெட்ரோ நிலையமும் மல்லேஸ்வரமும் அருகிலுள்ள இப்பகுதியில் அது நடக்காது என்று சொல்ல முடியாது. எனவே பணத்தேவை இல்லாதவருக்கு வாடகை தீய வழியன்று. மகளின் கல்விக்கோ மருத்துவத்துக்கோ இப்போதே பணம் வேண்டியவருக்கு அது உதவாது.

மூன்றாவது வழி, அண்ணனே மற்ற இருவர் பங்கையும் வாங்கிக்கொள்வது. 60 லட்சம் தேவை. சேமிப்பு 20 லட்சம் போக 40 லட்சத்தை 15 ஆண்டுக் கடனாக 8.5 விழுக்காட்டில் பெற்றால் மாதத் தவணை சுமார் 39,400. மேல்தள வாடகை 13,000 வந்தாலும் கைப்பணம் 26,400 போட வேண்டும். அவருடைய சம்பளம் இதைத் தாங்காவிட்டால் படிப்படியாகச் செய்யலாம். முதலில் பணம் தேவைப்படும் அக்காவின் 30 லட்சப் பங்கை மட்டும் வாங்கினால் கடன் 10 லட்சம். தவணை சுமார் 9,850. தம்பி தம் பங்கை வைத்துக்கொண்டு, எழுத்து ஒப்பந்தப்படி வாடகை பெறுவார். எங்கள் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு இதுவே பொருத்தமான வழி என்று கருதுகிறோம். பணம் பெற்று விட்டுக்கொடுப்பதும் பொதுவாக வரிக்குரிய மாற்றமே. ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டறிக.

இந்த வழி தடைப்படுவது பெரும்பாலும் ஆவணங்களில்தான். மாநகராட்சியின் இ-காதா இன்னும் தந்தை பெயரில் இருக்கும். அண்ணன் பெயருக்கு மாறாமல் கடன் நகராது. முதலில் பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றுகள், வம்சவிருட்சச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேகரித்து, காதாவை மூவர் பெயருக்கும் மாற்றுக. பின்னரே விடுதலைப் பத்திரம். அது பதிவு செய்யப்பட வேண்டும்; வெள்ளைத்தாளிலோ நோட்டரி முன்னோ எழுதியது செல்லாது. பங்கு யாருக்காக விடப்படுகிறது என்பதைப் பத்திரம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் அண்ணனுக்காக மட்டும் அக்கா விட்ட பங்கில் தம்பியும் உரிமை கோரலாம். தொகை வங்கி வழியே செல்லட்டும். குடும்பத்தினரிடையிலான விடுதலைப் பத்திரத்துக்குக் கர்நாடகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு. பணம் கைமாறும்போது அது எவ்வாறு கணக்கிடப்படும் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டறிக.

இணக்கம் ஏற்படாவிட்டால்? வாரிசுகளுள் ஒருவர் வெளியாருக்குப் பங்கை விற்க முனைந்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உண்டு. பாகப்பிரிவினை வழக்கில், 600 சதுர அடி மனையை மூன்றாகப் பிளப்பது பொருந்தாது என்று கண்டால், பாதிக்குக் குறையாத பங்குடையோர் கேட்க, 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் விற்பனைக்கு ஆணையிடலாம். அப்போதும் மற்றப் பங்குதாரர் நீதிமன்ற மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வரலாம். ஆக, நெடிய வழக்கின் முடிவில் கிடைப்பதும் ஒரு மதிப்பீடும் ஒரு வாங்கலுமே.

எனவே வீட்டை நேரில் பார்த்து மதிப்பிடும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை மூவரும் சேர்ந்து அமர்த்தி, கட்டணத்தை மூன்றாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்த ஒரு தாளை நடுவில் வைத்துப் பேச்சைத் தொடங்குங்கள்.