பட்டாணி வாங்கும் கணக்கு

தை மாதத்தில் மலிவாகக் கிடைக்கும் பச்சைப் பட்டாணி கோடையில் விலையேறிவிடும். எப்போது வாங்கினாலும் விலைப்பலகையை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கிலோ காயை உரித்தால் ஏறக்குறைய 450 கிராம் மணிதான் தேறும். மீதி தோலும் சொத்தையும். காய் கிலோ 60 ரூபாய் என்றால் மணியின் விலை 133 ரூபாய். அதே காய் 160 ரூபாய்க்கு ஏறினால் மணி 356 ரூபாய். ஃப்ரோசன் பட்டாணி கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காய் 90 ரூபாயைத் தாண்டியதுமே பாக்கெட்தான் லாபம். உரிக்கும் நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

சத்தில் ஃப்ரோசன் மட்டம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பறித்த பட்டாணியில் இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும்; வைட்டமின் சி-யும் நாளுக்கு நாள் குறையும். மூன்று நாள் லாரியிலும் கடையிலும் கிடந்த காயைவிட, பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கியெடுத்து உறையவைத்த மணி பெரும்பாலும் தேவலை. அந்த வெந்நீரில் கொஞ்சம் வைட்டமின் போவது உண்மைதான். ஆனால் கெடுக்கும் நொதிகள் அதில் அடங்கிவிடுவதால், மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் தாங்குகிறது.

சிக்கல் அந்தக் குளிரில்தான். கடையில் பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். மணிகள் தனித்தனியாக உருள வேண்டும். கட்டியாக இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராகாது. அது மட்டுமே உள்ள வீட்டில் 200 கிராம் பாக்கெட் போதும். சமைக்கும்போது உருகவிடாமல், குருமா கொதித்த பிறகு கடைசியில் போட்டு நான்கைந்து நிமிடம் வேகவிடுங்கள். முதலிலேயே போட்டால் குழைந்துவிடும்.

டப்பா பட்டாணி அதிக வெப்பத்தில் வேகவைத்து அடைக்கப்படுவது. வைட்டமின் சி நிறையப் போய்விடும்; புரதமும் நார்ச்சத்தும் பெருமளவு நிற்கும். 400 கிராம் டப்பாவில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம்தான் மிஞ்சும் என்பதால், நம் ஊரில் விலைக்கு இது கட்டுப்படியாகாது. உப்பும் கூடுதல், வடித்து அலசினால் ஓரளவு குறையும். ஃப்ரீசர் இல்லாத விடுதி அறைக்கும், அடிக்கடி மின்சாரம் போகும் இடத்துக்கும் சரி. திறந்தபின் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். உப்பிய டப்பாவை ருசி பார்க்கக்கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு எல்லாக் காய்க்கும் ஒத்துவராது. ஆண்டு முழுக்கத் தெருமுனையில் கிடைக்கும் கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரைக்குப் பாக்கெட்டும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் வீணாகாது.