புத்தாண்டு ஜிம் சலுகை: எதைப் பார்த்துச் சேர்வது?

ஜனவரி பிறந்தால் '30 நாளில் 10 கிலோ' பேனர்கள் முளைத்துவிடும். உடம்பைக் குறை சொல்லிக் கூப்பிடும் ஜிம்மில் காசு கட்ட வேண்டாம். நல்ல ஜிம்மில் எடை பார்ப்பதற்கு முன் முட்டி வலி, ரத்த அழுத்தம் பற்றிக் கேட்பார்கள். வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை நோக்கி மெல்லக் கொண்டுபோவார்கள்.

கட்டணத்தையும் கணக்குப் போடுங்கள். மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். 8 மாதத்தைத் தாண்டினால்தான் ஆண்டுச் சந்தா லாபம். 3 மாதத்தில் நின்றால் 7,500 ரூபாய் கூடுதல் செலவு. ஆகவே முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். பிறகு ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால், இடையில் நிறுத்திவைக்கும் வசதியையும் பணம் திரும்பக் கிடைக்கும் விதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.