வேன் 7.10க்கு வந்தால் மட்டும் போதுமா?

பள்ளி வேனைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "கரெக்டா டயத்துக்கு வந்துருமா?" என்பதுதான். சென்னை மேடவாக்கம் பக்கத்தில் ஒரு தாய், தன் மகள் போகும் வேனைப் பற்றி அக்கம்பக்கத்துப் பெற்றோருக்காக ஒரு மதிப்பீடு எழுதினார். அதுவும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வேன் வரவேண்டிய நேரம் காலை 7.10. ஒரு நாள் 7.05க்கே வந்து நிற்கும், இன்னொரு நாள் 7.25 ஆகிவிடும். டிராஃபிக் என்று ஓட்டுநர் சொன்னார். ஒரு காலையில் அந்தத் தாயே வேனில் ஏறிப் பள்ளி வரை போய்ப் பார்த்தார். வழியில் எட்டு ஸ்டாப். ஒரு வீட்டில் ஷூ மாட்டவில்லை, இன்னொரு வீட்டில் தண்ணீர் பாட்டிலை மறந்து உள்ளே ஓடுகிறார்கள். வாசலுக்கு ஒரு நிமிடம் என்றாலும் கடைசி வீட்டிலிருந்து கிளம்பும்போது எட்டு நிமிடம் தாமதம். டிராஃபிக் தொடங்கும் முன்பே இவ்வளவு.

அந்த எட்டு நிமிடம் எங்கே ஈடுகட்டப்படுகிறது என்பதுதான் அவரைக் கலங்க வைத்தது. இந்தப் பிள்ளைகளை இறக்கியதும் வேன் இரண்டாவது டிரிப்பாக வேறொரு பள்ளிக்குப் போகவேண்டும். அதனால் குழந்தை உட்காருவதற்குள் வண்டி நகர்கிறது. ஓடத் தொடங்கிய பிறகே கதவு மூடப்படுகிறது. முட்டுச் சந்துக்குள் வேகமாக நுழைந்து, ஏற்றிய கையோடு ரிவர்ஸ் எடுக்கிறார்கள்.

ரிவர்ஸைக் கண்டு அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். இறங்கிப் போனவன், வேனில் விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும் பின்பக்க சென்சாரும் வேண்டும் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. ஆறு வயதுப் பிள்ளை வேனை ஒட்டி நின்றால் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமல் போகலாம். கூட ஒரு ஆயாம்மா இறங்கி நின்று, "போலாம்" என்று சொன்ன பிறகே வண்டி நகரவேண்டும். பெற்றோர் தாங்களே பேசி அமர்த்தும் சிறிய வேன்களில் அப்படி ஒருவரைக் காண்பது அரிது. இந்த வேனிலும் இல்லை.

ஓட்டுநரைப் பற்றி அந்தத் தாய்க்கு நல்ல அபிப்பிராயம். பிள்ளைகள் அவரை 'வேன் அண்ணா' என்று கூப்பிடுகிறார்கள். அதட்டுவதில்லை. தெரியாத ஆள் வந்து கேட்டால் குழந்தையை ஒப்படைப்பதில்லை. ஆனால் ஓட்டும்போது போன் பேசுகிறார். யாருடன் என்று கவனித்தால், "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்கும் பெற்றோருடன்! மதிப்பீட்டில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். காலையில் ஓட்டுநரை யாரும் அழைக்கக்கூடாது, தாமதமானால் வண்டியை நிறுத்திவிட்டு அவரே செய்தி அனுப்பட்டும் என்பது அவர் யோசனை. அந்த ஓட்டுநர் லீவு போடும் நாளில் வரும் ஆக்டிங் டிரைவர்தான் இன்னொரு கவலை. எந்த வீட்டுப் பிள்ளையை யாரிடம் விடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வேனில் பெயர்ப் பட்டியல் எதுவும் ஒட்டப்படவில்லை.

வண்டியைச் சோதிக்கவும் அவருக்கு ஒரு வழி இருந்தது. நம்பர் பிளேட் மஞ்சளாக இருந்தால் வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதில் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால், விபத்து நடக்கும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதை mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இந்த வேனுக்கு இரண்டும் சரியாக இருந்தன.

அதற்குப் பிறகும் அவர் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்து அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. வாங்கியிருந்தது. தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்ததே அந்த மரணத்துக்குப் பிறகுதான். இந்த வேனின் தரை உறுதியாக இருந்தது. ஆனால் ஏழு பேர் அமரும் வண்டியில் முன்சீட்டில் மட்டும் மூன்று பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெல்ட் ஒருவருக்கும் இல்லை.

மதிப்பீட்டைப் படித்த பெற்றோர் வேன் உரிமையாளரிடம் பேசினார்கள். முட்டுச் சந்துகளுக்குள் இனி வேன் வராது. பிள்ளைகள் தெருமுனைக்கு வந்து நிற்பார்கள். எட்டு ஸ்டாப் ஐந்தாகிவிட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் எந்த இடத்திலும் காத்திருப்பதில்லை. முன்சீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு வேறு வண்டி ஏற்பாடாகியிருக்கிறது. ஆயாம்மா வைப்பதென்றால் மாதக் கட்டணம் கூடும் என்கிறார் உரிமையாளர். பாதிப் பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள். மீதிப் பேரிடம் அந்தத் தாய் பேசிக்கொண்டிருக்கிறார்.