பெயர்தான் மாறியது, எண் மாறவில்லை

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பெயரை மாற்றிக்கொண்டு குறிச்சி சிட்கோவுக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எல்லோருக்கும் கடிதம் போகிறது. அடுத்த மாதம் புதுப் பெயரில் போட்ட பில்லுக்குப் பணம் வரவில்லை. விசாரித்தால், "ஆர்டர் பழைய பேர்ல இருக்கு சார், பில் வேற பேர்ல வருது" என்கிறார் வாங்கியவரின் அக்கவுண்டன்ட்.

அவர் மேல் தப்பில்லை. இது அதே கம்பெனிதானா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். மகிழ்ச்சியைச் சொன்ன கடிதம் அதைச் சொல்லவில்லை.

விடை ஜிஎஸ்டி எண்ணிலேயே இருக்கிறது. அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலத்துக்கு உரியவை, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் கம்பெனியின் பான். பெயர் மாறினால் பான் மாறாது, கோவைக்குள்ளேயே இடம் மாறினால் 33-ம் மாறாது. பெங்களூருக்குப் போனால்தான் 29-ல் தொடங்கும் புது எண். பார்ட்னர்ஷிப் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆனாலோ பானே புதிது. சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆள்.

ஆகவே கடிதத்தில் பழைய பெயர், புதுப் பெயர், மாறிய தேதி இவற்றுக்கு அடுத்த வரியிலேயே "பான், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண் மாறவில்லை" என்று வர வேண்டும். புதிய பதிவுச் சான்றிதழின் நகலையும் இணைக்க வேண்டும்.

அப்படியும் ஒரு சிக்கல் மிஞ்சும். சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து புதுப் பெயர் செல்லும். ஆனால் பான் பதிவில் பெயரைத் திருத்திய பிறகுதான் ஜிஎஸ்டியில் திருத்த முடியும். அதற்கு அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். அதுவரை ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்ப்பவருக்குப் பழைய பெயர்தான் தெரியும். இதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் சந்தேகம் எழாது. பெயர் மாறி இரண்டு ஆண்டு வரை லெட்டர்பேடிலும் பில்லிலும் பழைய பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்வதும் இங்கே கைகொடுக்கிறது.

வங்கிக் கணக்கை மட்டும் அதே கடிதத்தில் மாற்றாதீர்கள். "பெயர் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று போலி மின்னஞ்சல் அனுப்புவது மோசடிக்காரர்களின் பழைய வித்தை. அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால், அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கே போன் செய்து கேளுங்கள்.

சரக்கு தருபவர்களுக்கு வேறு கடிதம் வேண்டும். அவர்களுக்கு முக்கியம் முகவரி: எந்தத் தேதியிலிருந்து பில்லிலும் இ-வே பில்லிலும் குறிச்சி முகவரியைப் போட வேண்டும், வழியில் இருக்கும் லோடு எங்கே இறங்க வேண்டும் என்பது. இல்லாவிட்டால் வார்ப்பு இரும்பு ஏற்றிய லாரி, பூட்டிக் கிடக்கும் கணபதி ஷெட் வாசலில்தான் வந்து நிற்கும்.